ஒரு பக்கம் மூடி வேலை பார்க்கும் சாலையில் போக்குவரத்தை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டு வழித்தடச் சாலை. ஒரு தடத்தின் ஓரத்தில் 20 மீட்டர் நீளத்துக்குத் தோண்டி ஒட்டுப் போட வேண்டும், பகல் வேலை, ஆறு மணி நேரம். அந்தத் தடத்தை மூடிவிட்டு, மீதமிருக்கும் ஒரே தடத்தில் இரு திசை வண்டிகளையும் மாற்றி மாற்றி விட வேண்டும். சாலை ஒட்டுவேலைகளில் அடிக்கடி வருவது இதுதான். விபத்துக்கு அதிக இடம் தருவதும் இதுதான், ஏனென்றால் இங்கே நேருக்கு நேர் வரும் வண்டிகளைக் கொடிக்காரர் என்று அழைக்கப்படும் ஒரு மனிதரின் கையிலுள்ள பலகையை நம்பித்தான் பிரித்து வைக்கிறோம். அதனால் இந்த ஒன்றை மட்டும் எடுத்து, முதல் பலகையிலிருந்து கடைசிக் கூம்பு வரை போகலாம்.

நீளங்களுக்கும் இடைவெளிகளுக்கும் பெரும்பாலும் அமெரிக்காவின் எம்.யு.டி.சி.டி என்ற போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கையேட்டை ஒட்டிய எண்களை எடுத்திருக்கிறேன். உங்கள் நாட்டுச் சாலைத் துறையின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம் எங்கும் ஒன்றுதான்.

முதலில் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

கூம்பை இறக்குவதற்கு முன் வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் வருகின்றன என்று பாருங்கள். வேகப் பலகையில் எழுதியிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்கள் வைத்து, ஒரு வண்டி அவற்றுக்கிடையே கடக்கும் நேரத்தைக் கைப்பேசியில் எடுத்தால் போதும். 3 விநாடி ஆனால் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், 4.5 விநாடி ஆனால் 40. இருபது வண்டிகளைப் பார்த்துவிட்டு, அதில் வேகமாக வந்த மூன்று நான்கை வைத்துத் திட்டமிடுங்கள். சராசரியை எடுத்தால், சராசரியைவிட வேகமாக வருபவருக்கு உங்கள் ஏற்பாடு போதாது.

இந்த அளவு ஏன் தேவை என்றால், எல்லா நீளங்களும் இதிலிருந்துதான் வருகின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் தடையைக் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு 2.5 விநாடி எடுத்துக்கொள்கிறார் என்று சாலை வடிவமைப்பில் கணக்கிடுவது வழக்கம். அதற்குள் வண்டி 42 மீட்டர் ஓடிவிடும். நிற்க இன்னும் ஏறக்குறைய அதே தூரம் வேண்டும். மொத்தம் சுமார் 85 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகமென்றால் 50 மீட்டரில் முடிந்துவிடும். இந்த 85, 50 என்ற இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

நம் உதாரணச் சாலையில் வண்டிகள் 60-இல் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

பலகைகள்: மூன்று போதும், ஆனால் வரிசையில்

மூன்று பலகைகள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முன்னால் என்ன இருக்கிறது? சாலைப் பணி. சாலை எப்படி மாறுகிறது? ஒரு தடம் மட்டுமே. நான் என்ன செய்ய வேண்டும்? நிற்கத் தயாராகு, அல்லது கொடிக்காரரின் படம். இந்த வரிசை குழம்பினால் ஓட்டுநர் குழம்புவார். எல்லாவற்றையும் ஒரே பலகையில் எழுதினால் 60-இல் வருபவர் முதல் வரியைத் தாண்டிப் படிக்க மாட்டார்.

ஊருக்குள் இருக்கும் வேகமான சாலைகளில் பலகைக்குப் பலகை சுமார் 100 மீட்டர் விடலாம், ஊருக்கு வெளியே 150. இங்கே 100 வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கொடிக்காரர் நிற்கும் இடத்துக்கு 300, 200, 100 மீட்டருக்கு முன்னால் பலகைகள் வரும். எதிர்த்திசைக்கும் இதே மூன்றும் வேண்டும். எதிர்ப்பக்கத் தடம் திறந்துதானே இருக்கிறது என்று அங்கே ஒரு பலகையோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வருபவரும் திடீரென்று நிற்கத்தான் போகிறார்.

பலகை நிற்கும் இடத்தை ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பாருங்கள். மரக்கிளை, நிறுத்தி வைத்த லாரி, வளைவு இவற்றில் ஏதாவது மறைத்தால் பலகையை முன்னால் நகர்த்துங்கள், பின்னால் அல்ல. அதாவது ஓட்டுநர் அதை இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். காற்றில் சாயாமல் இருக்க மணல் மூட்டை வையுங்கள். கல்லும் கான்கிரீட் துண்டும் வேண்டாம், வண்டி மோதினால் அவை ஆட்கள் நிற்கும் இடத்தை நோக்கிப் பறக்கும்.

கூம்புகள்: இங்கே சாய்வரிசை நீளமாக இருக்கக் கூடாது

கூம்புகளைச் சாய்வாக நிறுத்தி ஒரு தடத்தை மெல்ல மூடும் பகுதியைக் களத்தில் டேப்பர் என்பார்கள். பலர் தவறு செய்யும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

ஒரே திசையில் இரண்டு தடங்கள் இருக்கும் சாலையில், வண்டிகள் ஓடிக்கொண்டே பக்கத்துத் தடத்துக்கு மாற வேண்டும். அங்கே டேப்பர் நீளமாக இருக்க வேண்டும். தடத்தின் அகலத்தை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 155-ஆல் வகுப்பது, 60 கிலோமீட்டர் வரையிலான வேகத்துக்குப் பழக்கத்தில் உள்ள சூத்திரம். 3.5 மீட்டர் தடம், 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 3.5 × 3600 ÷ 155, அதாவது சுமார் 81 மீட்டர்.

நம் சாலையில் பக்கத்துத் தடம் எதிரே வருபவருடையது. 81 மீட்டர் நீளச் சாய்வை இங்கே வைத்தால், 'வா, அப்படியே சாய்ந்து போ' என்று கூம்புகளே அழைத்து எதிர்த்தடத்துக்குள் விடும். இங்கே ஓட்டுநர் மாறக் கூடாது, நிற்க வேண்டும். அதனால் டேப்பர் 15 முதல் 30 மீட்டர்தான், கூம்புக்குக் கூம்பு சுமார் 6 மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் வழி அடைபட்டதுபோலத் தெரிய வேண்டும். பலதடச் சாலையில் பழகிய குழு இந்த வேலைக்கு வரும்போது, தங்கள் பழைய நீளத்தையே போட்டுவிடுவது சகஜம்.

எண்ணிப் பார்ப்போம். 30 மீட்டர் டேப்பருக்கு 6 மீட்டர் இடைவெளியில் 6 கூம்புகள். அதன்பின் 50 மீட்டர் வெற்றிடம், பிறகு 20 மீட்டர் வேலையிடம், இந்த 70 மீட்டருக்கு 10 மீட்டருக்கு ஒன்றாக 7. கடைசியில் தடத்தைத் திறந்துவிடும் 15 மீட்டர் சாய்வுக்கு 5 மீட்டருக்கு ஒன்றாக 3. ஆக மொத்தம் 16 கூம்புகள், 115 மீட்டர் நீளம். அடிபட்டதை மாற்ற நான்கு கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். நேர் வரிசையில் 20 மீட்டர் இடைவெளிகூட விதிப்படி போதும்தான். ஆனால் இருசக்கர வண்டிகள் அதிகம் ஓடும் சாலையில் அந்தச் சந்துக்குள் யாராவது நுழைவார்கள், அதனால்தான் 10.

50 மீட்டர் வெற்றிடம் எதற்கு என்று கேட்பார்கள். கொடிக்காரரையும் டேப்பரையும் தாண்டி உள்ளே வந்துவிட்ட வண்டி, ஆட்களை அடையும் முன் நிற்பதற்கான இடம் அது. அதில் மண் குவிக்கக் கூடாது, டிராக்டர் நிறுத்தக் கூடாது, நிழலாக இருக்கிறதே என்று யாரும் சாப்பிட உட்காரவும் கூடாது. 50 என்பது 40 கிலோமீட்டர் வேகத்துக்கான தூரம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வண்டிகள் உண்மையில் 40-க்கு இறங்கிவிட்டன என்று அளந்து பார்த்த பிறகே இந்த 50 செல்லும். இறங்கவில்லை என்றால் 85 வேண்டும்.

கூம்பின் உயரம் பகலில் மெதுவான தெருவுக்கு 45 சென்டிமீட்டர் போதும். வேகமான சாலைக்கும் இரவுக்கும் குறைந்தது 70 சென்டிமீட்டர், ரிஃப்ளெக்டர் பட்டைகளோடு. வைத்தவுடன் ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். லாரிக் காற்றில் கூம்பு ஒரு சாண் நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுக்கும். கோடு இல்லாவிட்டால், மதியத்துக்குள் தடம் அரை மீட்டர் குறுகியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

வேகத்தைக் குறைப்பது பலகையால் மட்டும் நடக்காது

வேக வரம்பைப் படிப்படியாக இறக்குங்கள். 60-லிருந்து நேராக 20 என்று எழுதினால், சிலர் கீழ்ப்படிந்து சட்டென்று குறைப்பார்கள், பலர் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த இரு கூட்டத்தின் வேக வித்தியாசம்தான் பின்னாலிருந்து மோத வைக்கிறது. முதல் பலகைக்கு அருகே 40 என்று வையுங்கள். அதற்கு மேல் குறைப்பதைக் கொடிக்காரரும் சாலையின் தோற்றமும் செய்யட்டும்.

தோற்றம் என்றால், முக்கியமாக அகலம். திறந்திருக்கும் தடத்தைக் கூம்புகளால் 3 மீட்டர் அளவுக்கு நெருக்கினால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். பெரிய வண்டிகள் போகும் சாலையில் 3-க்குக் கீழே போகாதீர்கள். சாலைக்குக் குறுக்கே விரிக்கும் தற்காலிகத் தடதடப் பட்டைகளும் நன்றாக வேலை செய்யும், அவற்றை முதல் பலகைக்குப் பிறகு வையுங்கள், முன்னால் அல்ல. காரணம் தெரியாமல் வண்டி அதிர்ந்தால் ஓட்டுநர் தன் டயரைத்தான் சந்தேகிப்பார். மழை பெய்யும்போது இருசக்கர வண்டி வழுக்குமா என்று ஒருமுறை பாருங்கள்.

அரை மணி கழித்து அதே 50 மீட்டர் சோதனையை டேப்பருக்கு 100 மீட்டர் முன்னால் திரும்பச் செய்யுங்கள். வழி திறந்திருக்கும்போது வரும் வண்டிகளை மட்டும் எடுங்கள். 4.5 விநாடிக்கு மேல் வந்தால் சரி. 3.5 வந்தால் அது 51 கிலோமீட்டர், உங்கள் பலகையை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

வேலை இல்லாத நேரத்தில் பலகையை மூடிவிடுங்கள், அல்லது திருப்பி வையுங்கள். ஆள் இல்லாத இடத்தில் இரண்டு நாள் 'மெதுவாக' என்று பார்த்தவர், மூன்றாம் நாள் ஆள் இருக்கும்போதும் அதே வேகத்தில்தான் வருவார்.

கொடிக்காரர் எங்கே நிற்கிறார், என்ன அணிகிறார்

தடத்தில் அல்ல, ஓரத்தில் நிற்க வேண்டும். தனியாக நிற்க வேண்டும், நாலு பேரோடு சேர்ந்து நின்றால் எவர் கொடிக்காரர் என்று 85 மீட்டரிலிருந்து தெரியாது. பின்னால் குதித்துத் தப்ப இடம் இருக்க வேண்டும், அதாவது முதுகுக்குப் பின்னால் சுவரோ பள்ளமோ நிறுத்திய வண்டியோ இருக்கக் கூடாது. முதல் வண்டி முழுதாக நின்ற பிறகு, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி ஓரடி ஈரடி உள்ளே வரலாம்.

நிழலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கூடவே இருந்த ஒரு வேலையில், வெயில் தாங்காமல் கொடிக்காரர் ஒரு மரத்தடிக்கு நகர்ந்துகொண்டார். புத்தம் புதிய மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தார். பளீரென்ற வெயிலில் ஓட்டிவந்தவரின் கண்ணுக்கு அந்த நிழல் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிந்திருக்கிறது, அதற்குள் இருந்த ஆள் தெரியவில்லை. லாரி டேப்பரின் மூன்று கூம்புகளை இழுத்துக்கொண்டு வெற்றிடத்தில் வந்து நின்றது. அந்த வெற்றிடம் காலியாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஆளுக்கு அரை மணி என்று மாற்றிவிட்டோம், நிழல் ஓய்வுக்கு மட்டும்.

உடையில் இரண்டு வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு நேரத்துக்கானவை. பளிச்சென்ற ஃப்ளோரசன்ட் துணி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கித் தெரியும் நிறமாகத் திருப்பித் தருகிறது. அதனால் பகலிலும், மேகமூட்டத்திலும், அந்தி நேரத்திலும் அது சுற்றியுள்ள எதையும்விடத் துலக்கமாகத் தெரியும். இருட்டிய பிறகு அதற்குத் தனிச்சக்தி எதுவும் இல்லை. இரவில் வேலை செய்வது வெள்ளி நிறப் பட்டை மட்டும்தான். அது ஹெட்லைட் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. ஒளி வராவிட்டால் அதுவும் வெறும் சாம்பல் நாடாதான்.

ஐ.எஸ்.ஓ 20471 தரநிலை உடைகளை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு ஃப்ளோரசன்ட் துணி குறைந்தது 0.80 சதுர மீட்டர், பட்டை 0.20 சதுர மீட்டர் வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு முறையே 0.50, 0.13. கையில்லாத சட்டை பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு. 60 கிலோமீட்டர் சாலையில் கொடிக்காரருக்கு, அதுவும் இருட்டும் நேரத்தில், மூன்றாம் வகுப்பையே கொடுங்கள். கை, கால்களில் பட்டை இருப்பதற்கு அழகைத் தாண்டிய காரணம் உண்டு. நெஞ்சில் மட்டும் பட்டை இருந்தால் இருட்டில் அது ஒரு கம்பம்போலத் தெரியும். மூட்டுகளில் பட்டை அசைந்தால் ஓட்டுநரின் மூளை உடனே 'மனிதர்' என்று படித்துவிடும். குனிந்து வேலை செய்பவருக்கு நெஞ்சுப் பட்டை மறைந்துபோகும், அவர் காலில் உள்ளதுதான் அவரைக் காட்டும்.

நிறம் பின்னணியைப் பொறுத்தது. ஆரஞ்சு இயந்திரத்துக்கும் ஆரஞ்சுக் கூம்புகளுக்கும் நடுவே ஆரஞ்சுச் சட்டை கரைந்துவிடும், அங்கே மஞ்சள்பச்சை எடுங்கள். பச்சை வயலின் பின்னணியில் தலைகீழாக. பொத்தான் போடாமல் திறந்துவிட்ட சட்டை, மேலே போட்டுக்கொண்ட சாதாரண மழைக்கோட்டு, தாரும் மண்ணும் ஏறிய துணி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே சட்டை இல்லாததற்குச் சமம். பழைய சட்டையைச் சோதிக்க, இருட்டில் புதிய சட்டை ஒன்றின் பக்கத்தில் தொங்கவிட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்று டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

வைக்கும் ஒழுங்கும் எடுக்கும் ஒழுங்கும்

எதிர்த்திசைப் பலகைகளிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் மூடப்போகும் பக்கத்துப் பலகைகள், வண்டி வரும் திசையில் தொலைவிலிருந்து அருகே. இரு கொடிக்காரர்களும் இடத்துக்கு வந்த பிறகே கூம்புகள். மஞ்சள் சுழல்விளக்கு எரியும் வண்டியைப் பின்னால் காவலாக நிறுத்திக்கொண்டு, டேப்பரின் முதல் கூம்பிலிருந்து இறக்குங்கள். கூம்பை வைக்கும்போது முகம் எப்போதும் வண்டி வரும் பக்கம் இருக்கட்டும்.

எடுக்கும்போது அப்படியே பின்னோக்கி: வெளியேறும் முனையின் கடைசிக் கூம்பு முதலில், டேப்பரின் முதல் கூம்பு கடைசியில், அதன்பின் கொடிக்காரர், இறுதியில் பலகைகள். மாலை அவசரத்தில் பலகையை முதலில் எடுத்துவிட்டு, உள்ளே கூம்பு பொறுக்கும் ஆளை எச்சரிக்கையே இல்லாமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரு பக்கமும் மாற்றி விடுவது: கணக்கு இங்கேதான் திரும்புகிறது

மூடிய பக்கத்துக் கொடிக்காரர் டேப்பருக்கு 15 மீட்டர் முன்னால் வண்டிகளை நிறுத்துகிறார். எதிர்ப்பக்கத்தவர் கடைசிக் கூம்பைத் தாண்டி 30 மீட்டர் தள்ளி, வெளியே வருபவர் தன் தடத்துக்குத் திரும்ப இடம் விட்டு நிறுத்துகிறார். ஆக ஒற்றைத் தடத்தின் நீளம் 15 + 115 + 30, அதாவது 160 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடக்க 29 விநாடி. சைக்கிள்காரர் 12-இல் போனால் 48 விநாடி. கைப்பலகையைத் திருப்புவது கடைசிக் காருக்காக அல்ல, கடைசி சைக்கிளுக்காக.

'கடைசி வண்டி நீல வேன், பின்னால் ஒரு சைக்கிள்' என்று வாக்கி-டாக்கியில் சொல்லுங்கள். 'சரி, விடு' என்று மட்டும் சொன்னால் போதாது. மறுமுனையிலிருப்பவர் நீல வேனையும் சைக்கிளையும் கண்ணால் கண்ட பிறகே பலகையைத் திருப்ப வேண்டும். வாக்கி-டாக்கி வேலை செய்யாமல் போனால் இரண்டு பக்கமும் நிறுத்து. இதில் விவாதமே இல்லை.

இப்போது வரிசையின் நீளம். கடப்பதற்கு 29, திருப்புவதற்கு 5 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்றில் இரு பக்கமும் சேர்ந்து 68 விநாடி வீணாகிறது. திறந்திருக்கும்போது ஒரு வண்டி கிளம்ப 2.5 விநாடி. ஒவ்வொரு பக்கமும் மணிக்கு 200 வண்டிகள் வந்தால், சுற்று சுமார் 94 விநாடியில் முடியும், ஒரு பக்கத்தில் 5 அல்லது 6 வண்டிகள் நிற்கும். வண்டிக்கு 7 மீட்டர் போட்டால் வரிசை சுமார் 40 மீட்டர். நிம்மதி.

அதே சாலையில் மாலை 400 வண்டிகள் வரத் தொடங்கினால்? சுற்று இருமடங்கு ஆகாது, 153 விநாடியாகும். அந்த நீண்ட சுற்றுக்குள் வண்டிகளும் இருமடங்கு வேகத்தில் வந்து சேர்வதால் 17 வண்டிகள் நிற்கும், வரிசை 119 மீட்டர். 500 ஆனால் சுற்று 222 விநாடி, வரிசை சுமார் 215 மீட்டர். வண்டிகள் கால் பங்கு கூடினால் வரிசை ஏறக்குறைய இருமடங்காகிறது.

119 மீட்டர் என்றால், 'நிற்கத் தயாராகு' என்ற 100 மீட்டர்ப் பலகை வரிசையின் நடுவே போய்விட்டது. 215 ஆனால் 200 மீட்டர்ப் பலகையும் போயிற்று. புதிதாக வருபவர் மிச்சமிருக்கும் ஒரே பலகையைத் தாண்டியதும் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளைச் சந்திக்கிறார், நிற்க வேண்டிய அதே 85 மீட்டர்தான் கைவசம் இருக்கிறது, கூடுதலாக எதுவும் இல்லை. காலையில் சரியாக இருந்த ஏற்பாடு, ஒரு கூம்பும் நகராமலே மாலையில் தவறாகிவிட்டது.

அதனால் இரண்டாவது பலகையின் காலடியில் ஒரு கோடு போட்டு, வரிசை அதைத் தொடுகிறதா என்று ஒருவர் கவனிக்கட்டும். தொட்டால் மூன்று பலகைகளையும் வண்டிகள் வரும் திசையை நோக்கி இன்னும் 150 மீட்டர் பின்தள்ளுங்கள், அல்லது வேலையிடத்தைச் சுருக்கி ஒற்றைத் தடத்தின் நீளத்தைக் குறையுங்கள். இரண்டும் முடியாவிட்டால் தடத்தைத் திறந்துவிட்டு, வண்டி குறைந்த நேரத்தில் மீண்டும் தொடங்குங்கள். 'இன்னும் அரை மணிதான், முடித்துவிடலாம்' என்று மேற்பார்வையாளர் சொல்லும்போது வரிசையின் வாலைப் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

பாதசாரிகள் நடந்த ஓரத்தை நீங்கள் மூடியிருந்தால், அவர்களுக்குக் கூம்புக்கும் பள்ளத்துக்கும் இடையே வழி விடாதீர்கள். தனியாகத் தடுப்பு வைத்து எதிர்ப்பக்கத்துக்குக் கடத்துங்கள்.

எல்லாம் வைத்து முடித்த பிறகு, வேலை தொடங்கும் முன், நீங்களே வண்டியில் ஏறி இரு திசையிலிருந்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மழை வந்தால் உடனே, இருட்டத் தொடங்கினால் ஹெட்லைட்டோடு.